படிப்புச் செயலியில் பாயிண்ட், பேட்ஜ், லெவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பவானி, திருப்பூர், பல்லடம் பக்கத்துப் பயிற்சி மையங்கள் சிலவற்றுக்குக் குரூப் 4 படிப்புச் செயலி செய்து தரும் வேலையில் இருக்கிறேன். மையம் நடத்துபவர்கள், பாடம் எடுப்பவர்கள், படிக்கிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, பாயிண்ட், பேட்ஜ், லெவல்னு மூணு எதுக்குங்க? ஒண்ணு பத்தாதுங்களா?

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. இப்போது செய்த ஒரு காரியத்துக்கு உடனே கிடைக்கும் கணக்கு பாயிண்ட். ஒரு பகுதியை முடித்துவிட்டார் என்பதற்கான குறிப்பு பேட்ஜ். அடுத்து எவ்வளவு கடினமான கேள்வியைக் கொடுக்கலாம் என்று செயலிக்கும் படிப்பவருக்கும் சொல்வது லெவல். சின்ன மையம் என்றால் லெவல் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டாலும் குறையில்லை.

பாயிண்ட் குடுத்துப் படிக்க வெக்கறதே ஒரு ஏமாத்து வேலைதானுங்களே?

எல்லாப் பாயிண்டும் அப்படியில்லை. நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பாயிண்ட் எப்படிக் கிடைக்கிறது, ஏன் அப்படி வைத்தோம் என்பதைப் பச்சையாக எழுதிச் செயலியின் முதல் திரையிலேயே போட முடியுமா என்று பாருங்கள். போட்ட பிறகும் படிப்பவர் “சரிதான், இது எனக்கு நல்லதுதான்” என்று தொடர்ந்தால் அது நேர்மையான ஏற்பாடு. விதி தெரிந்ததும் கோபம் வருமானால் அது பொறி.

“மூன்று நாள் கழித்துக் கேட்கும்போதும் சரியாகச் சொன்னால் 3 பாயிண்ட்; மறக்காமல் இருப்பதற்காக இப்படி வைத்திருக்கிறோம்.” இதைத் தாராளமாக எழுதிப் போடலாம். “நீங்கள் வெளியே போகப் பார்த்தால் ஒரு பரிசுப் பெட்டி வரும், உங்களை இன்னும் பத்து நிமிஷம் உட்கார வைப்பதற்காக அது வருகிறது.” இதை எந்த நிறுவனமும் எழுதிப் போடாது. கீழே வரும் பதில்களில் பல இடங்களில் இந்தச் சோதனைக்குத்தான் திரும்பி வருவேன்.

சரியான விடைக்குப் பத்துப் பாயிண்ட், தப்பாப் போனா மறுபடி அமுத்தலாம்னு வெச்சிருக்கறோம். இதுல என்னங்க தப்பு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகள் உள்ள 20 கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே தெரியாதவர் கேள்வியைப் படிக்காமல் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக அமுக்கிக்கொண்டே போகிறார். சராசரியாக இரண்டரை அமுக்கலில் ஒரு கேள்வி விழுந்துவிடும். ஐம்பது அமுக்கலில், சுமார் இரண்டு நிமிஷத்தில் 200 பாயிண்ட். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, அரை நிமிஷம் யோசித்து விடை சொல்கிறார். அவருக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. அவருக்கும் அதே 200 பாயிண்ட்தான். ஆக, யோசிக்காமல் அமுக்குகிறவருக்கு நிமிஷத்துக்கு ஐந்து மடங்கு கூலி கொடுக்கிறீர்கள்.

இப்படி அமுக்குகிற பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. செயலி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். முதல் அமுக்கலுக்கு மட்டும் பாயிண்ட் என்று மாற்றினாலே பாதி வியாதி போய்விடும். தவறாக அமுக்கினால் சரியான விடையையும் இரண்டு வரி விளக்கத்தையும் காட்டிவிட்டு, அந்தக் கேள்வியைப் பிறகு திரும்பக் கொண்டு வர வேண்டும்.

பாதி போயிரும்னா மீதிப் பாதிக்கு என்னங்க பண்றது?

மீதிப் பாதி, குருட்டாம்போக்கில் விழும் விடையும், இன்றைக்குத் தெரிந்து அடுத்த வாரம் மறந்துபோகும் விடையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பாயிண்டில் பெரும்பங்கை நாள் கடந்து கொடுப்பது.

காளிங்கராயன் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் பவானி என்று சரியாகச் சொன்னால் 1 பாயிண்ட். மூன்று நாள் கழித்துக் கேட்டு, சரியென்றால் 3. அதிலிருந்து பத்து நாள் கழித்துக் கேட்டு, அப்போதும் சரியென்றால் 6. ஆக மொத்தம் 10. நடுவில் தவறினால் கேள்வி முதல் படிக்குத் திரும்பும். வாங்கிய பாயிண்டைப் பிடுங்கக் கூடாது. ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு படியின் பாயிண்ட் ஒரு முறைதான். இல்லாவிட்டால் வேண்டுமென்றே தவறிவிட்டு மறுபடி ஒன்று, மூன்று என்று அறுவடை செய்வார்கள். வெறும் ஊகத்தில் மூன்று படியும் தொடர்ந்து தாண்டுவது 64 முறைக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு சுற்றில் ஊகக்காரருக்குச் சராசரியாகத் தேறுவது பத்தில் அரைப் பாயிண்ட்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் பாடப் பகுதிகளைக் கொடுத்து, சிலரைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். உடனே கொடுக்கும் பாயிண்ட் இந்த ஐந்து நிமிஷத் தெம்பைத்தான் அளக்கிறது. இன்னொன்று: விடைகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடுங்கள். இல்லையென்றால் பவானி மனப்பாடம் ஆகாது, “மூணாவது” என்பது மனப்பாடம் ஆகிவிடும். மூன்றாம் படியில் கேள்வியையே திருப்பிப் போட்டு, பவானித் தண்ணீர் பாயாத வாய்க்கால் எது என்று கேட்டால் இன்னும் நல்லது.

பரீட்சையில தப்புக்கு மார்க் கழிக்கறதில்லீங்க. அப்பறம் ஆப்புல மட்டும் ஊகத்தை ஏனுங்க தடுக்கறீங்க?

நல்ல கேள்வி. குரூப் 4-இல் தவறான விடைக்கு மார்க் குறைவதில்லை என்பதால் தெரியாததையும் ஊகித்துப் போடுவதுதான் லாபம். விடைத்தாளில் “விடை தெரியவில்லை” என்று ஐந்தாவதாக ஒரு வட்டமும் இருக்கிறது. பரீட்சையில் அதை நிரப்பினால் மார்க் இல்லை. செயலியில் அதுதான் மிக உபயோகமான பொத்தான்.

ஆகவே செயலியில் இரண்டு அறை வேண்டும். படிக்கும் அறையில் “தெரியவில்லை” என்று அமுக்கினால் எந்த நஷ்டமும் இல்லை. உடனே விளக்கம் வரும், கேள்வி நாளைக்கே திரும்பி வரும். ஊகித்துத் தவறினாலும் அதேதான் நடக்கும், ஆனால் விளக்கத்துக்கு முன்னால் இன்னொரு கேள்வி சேர்ந்துவிடும் என்று வைத்தால், தெரியாததை ஒப்புக்கொள்வதே சுருக்கு வழி ஆகிவிடும். மாதிரித் தேர்வு அறையில் பரீட்சையின் விதிதான். அங்கே ஊகிக்கப் பழக வேண்டும். அந்த அறையில் பாயிண்ட் தேவையில்லை, மார்க் போதும்.

லெவல் ஏறறதுக்கு அஞ்சுக்கு மூணு சரியா இருந்தாப் போதும்னு வெக்கலாமுங்களா? ரொம்ப இறுக்கினா விட்டுட்டுப் போயிருவாங்களே.

நான்கு விடைக் கேள்வியில் ஐந்துக்கு மூன்று என்பது, ஒன்றும் தெரியாதவரும் பத்துத் தடவைக்கு ஒரு தடவை தாண்டக்கூடிய வேலி. இரண்டு மூன்று முறை முயலலாம் என்றால் வேலியே இல்லை. ஐந்துக்கு நான்கு என்றால் நூறில் ஒன்றரைத் தடவை தாண்டுவார். பத்துக்கு எட்டு என்றால் பத்தாயிரத்தில் நான்கு தடவைதான். இறுக்கிவிட்டதாகப் படிப்பவருக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் பாடம் தெரிந்தவருக்குப் பத்துக்கு எட்டு சிரமமில்லை. தோற்றவருக்கு அடுத்த முறை வேறு பத்துக் கேள்விகள் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே லெவல் வைப்பது. குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மார்க். அதில் 100 கேள்வி, 150 மார்க் தமிழுக்கு. தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மார்க் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் கெட்டிக்கார பையன் ஒருவன் தினமும் கணக்கையே போட்டுப் பாயிண்ட் சேர்த்து “லெவல் 14” ஆகிவிட்டான், இலக்கணப் பக்கம் திரும்பவே இல்லை என்று வையுங்கள். அந்த 14 அவனுக்குச் சொல்வது பொய். தமிழுக்குத் தனி லெவல், பொது அறிவுக்குத் தனி, கணக்குக்குத் தனி. முகப்பில் பெரிதாகக் காட்ட வேண்டியது இருப்பதிலேயே குறைந்த லெவலை.

என்ற பையன் மின்னெல்லாம் தானா எடுத்துப் படிப்பானுங்க. இப்ப பாயிண்ட் வந்தாத்தான் தொடறான். இது கெடுதலுங்களா?

கெடுதலாகக் கூடும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். ஒரு பிரிவிடம் “வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்குக் கொடுக்கவே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

அவர்கள் சின்னக் குழந்தைகள், ஏற்கெனவே ஆசை இருந்த வேலை. குரூப் 4-க்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் பிறவி ஆசை கிடையாது. அங்கே பாயிண்ட் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் பையன் எதைத் தானாகப் படித்தான் என்று பாருங்கள். வரலாற்றைக் கதை போலப் படித்துக்கொண்டிருந்தான் என்றால், அந்தப் பாடத்துக்கு மட்டும் பாயிண்டை மறைத்து வைக்கும் வசதி இருக்க வேண்டும். எங்கள் செயலிகளில் பாடவாரியாக அதை வைக்கிறோம். கேட்காமலே கிடைக்கும் “இந்தப் பகுதியை மறக்காமல் வைத்திருக்கிறாய்” என்ற ஒரு வரியும் கெடுதல் செய்யாது.

நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டனுங்க. அறுவது நாள் தொடர் அறுந்து பூச்சியம் ஆயிருச்சு. வெறுத்துப்போயி ஆப்பையே அழிச்சுட்டேன். எங்க மேலதான் தப்புங்களா?

உங்கள் மேல் தப்பில்லை. தொடர்ச்சியான நாள்களை எண்ணும் அந்தச் சங்கிலி, கிடைப்பதன் சந்தோஷத்தால் ஓடுவதில்லை. போய்விடுமோ என்ற பயத்தால் ஓடுகிறது. நாள் ஏற ஏறப் பயமும் ஏறும். கடைசியில் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரே ஒரு கேள்வியை அமுக்கிவிட்டுத் தூங்குவார்கள். சங்கிலி உயிரோடு இருக்கும், படிப்பு நடந்திருக்காது. அறுந்தால் முழுசாகப் போய்விடுகிறது என்பதால், மூன்று நாள் ஒரம்பரை வீட்டில் இருந்தவரும் மூன்று மாதம் படிக்காதவரும் ஒரே பூச்சியத்தில் நிற்கிறார்கள்.

இதற்குப் பதில் நான் வைப்பது வாரக் கணக்கு. ஏழு நாளில் நான்கு நாள் படித்தால் அந்த வாரம் நிறைந்தது; எந்த நான்கு என்பது அவரவர் இஷ்டம். கூடவே அழியாத ஒரு மொத்தம்: “தை முதல் இதுவரை 47 நாள்.” ஒரு நாள் கணக்கில் சேர, திரும்ப வந்த கேள்விகள் அன்றைக்கு எத்தனையோ அத்தனையும் பார்த்திருக்க வேண்டும், ஓர் அமுக்கல் போதாது. அறுந்த சங்கிலியைக் காசு கொடுத்து ஒட்டும் வசதியை நான் செய்து தருவதில்லை. பயத்தை நீங்களே உண்டாக்கி, அதற்கு மருந்தையும் நீங்களே விற்பது அது.

திருப்பூர் மையங்களில் இன்னொரு கோளாறு. பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து ஒரு மணிக்கு மேல் படிக்கிறவர்களுக்கு நாள் என்பது பன்னிரண்டு மணிக்கு மாறுவதில்லை. திங்கள் ராத்திரி படிப்பு செவ்வாய்க் கணக்கில் போய், திங்கள் காலியாகக் காட்டும். நாள் மாறும் நேரத்தை அதிகாலை நான்கு மணிக்குத் தள்ளுங்கள், அல்லது அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

போர்டுல பேரு போட்டு முதல் பத்துப் பேரைக் காட்டினாப் பசங்க போட்டி போட்டுப் படிப்பாங்கன்னு எங்க சார் சொல்றாருங்க.

முதல் பத்தில் இருப்பவர்களும், பதினொன்று பன்னிரண்டில் இருப்பவர்களும் படிப்பார்கள். முப்பத்தைந்தாவது இடத்தில் இருப்பவருக்கு அந்தப் பலகை தினமும் ஒரே சேதியைத்தான் சொல்லும். அவர் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர். அமெரிக்காவில் ஹானஸ், ஃபாக்ஸ் என்ற இருவர் ஒரு கல்லூரிப் பாடத்தை இரண்டு வகுப்புகளில் நடத்தி 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். தரவரிசைப் பலகையும் பேட்ஜும் வைத்த வகுப்பில் 16 வாரத்தில் ஆர்வமும் திருப்தியும் குறைந்தன, இறுதித் தேர்வு மார்க்கும் மற்ற வகுப்பைவிடக் குறைவாக வந்தது. ஒரே ஒரு பாடம், ஒரே கல்லூரி. அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் சார் நினைக்கிறபடி தானாக நடந்துவிடாது என்பதற்கு அது போதும்.

பலகை வேண்டும் என்றே மையம் பிடிவாதம் பிடித்தால் மூன்றைச் சொல்வேன். ஒவ்வொரு திங்களும் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு அவர் முன்னால் இருவர், பின்னால் இருவர் மட்டும் தெரியட்டும். சேர விருப்பமுள்ளவர் மட்டும் சேரட்டும், புனைபெயரில். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பலகையே வேண்டாம்.

புதுசாச் சேர்ந்தவங்களுக்கு இருவது சதவீதம் முடிஞ்ச மாதிரி காட்டினா உற்சாகம் வரும்ங்கறாங்க. அது பொய்தானுங்களே?

உற்சாகம் வருவது உண்மை. 2006-இல் நூனஸ், த்ரேஸ் என்பவர்கள் கார் கழுவும் கடை ஒன்றில் இரண்டு விதமான அட்டை கொடுத்தார்கள். ஒன்றில் எட்டு முத்திரை வாங்கினால் ஒரு முறை இலவசம். மற்றதில் பத்து முத்திரை, அதில் இரண்டு முன்பே குத்தியது. இரண்டிலும் தேவை எட்டுதான். முதல் அட்டையை 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதை 34 சதவீதம் பேர்.

படிப்புச் செயலியில் இதைப் பொய் சொல்லாமலே செய்யலாம். சேர்ந்த அன்றே 15 கேள்வியில் ஒரு முன்சோதனை வையுங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது நிச்சயம் ஏதாவது இருக்கும். அதைப் பட்டையில் நிரப்பிக் காட்டுங்கள். அது 12 சதவீதமோ 30 சதவீதமோ, அவருடைய சொந்தச் சம்பாத்தியம். சும்மா நிரப்பிய இருபது இரண்டாவது பதிலில் சொன்ன சோதனையில் தேறாது.

மர்மப் பெட்டி, சக்கரம் சுத்தறது, இதெல்லாம்?

வேண்டாம். எப்போது விழும் என்று தெரியாத பரிசு சூதாட்டத்தின் இயந்திரம். அது நிறையச் சுற்ற வைக்கும், ஆனால் சுற்றுவதற்கும் படித்ததற்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் செய்யக் கூடாதுன்னு சட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா?

பாயிண்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத் தளங்களின் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் 13 வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய் அவசரம், வெட்கப்படுத்திச் சம்மதம் வாங்குவது, வெளியேற முடியாத சந்தா, நச்சரிப்பு ஆகியவை அவற்றில் உண்டு. “இன்னும் 9 நிமிஷத்தில் உங்கள் பேட்ஜ் போய்விடும், இப்போதே சந்தா கட்டுங்கள்” என்று கடிகாரம் ஓட விட்டு, அந்தக் கடிகாரம் நாளைக்கும் ஒன்பதிலிருந்தே ஓடினால் அது பொய் அவசரம். “வேண்டாம், எனக்குப் பாஸ் ஆக விருப்பமில்லை” என்று எழுதிய மறுப்புப் பொத்தான் இரண்டாவது வகை.

பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தினால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். அதன்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கப்பட வேண்டும். குழந்தைகளின் நடவடிக்கையைப் பின்தொடர்வதற்கும் குறிவைத்த விளம்பரத்துக்கும் தடை உண்டு. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருப்பதால், உங்கள் மையம் எதில் வருகிறது என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாயிண்ட் ஏறுதுங்க, எல்லாரும் தினமும் வர்றாங்க. நல்லா வேலை செய்யுதுன்னுதானுங்களே அர்த்தம்?

தினமும் வருவது வருகைப் பதிவேடு. படித்தார்களா என்பது வேறு. உங்கள் மையத்தில் 40 பேர் என்று வையுங்கள். பாயிண்டில் முதல் பத்துப் பேரை எழுதுங்கள். செயலிக்கு வெளியே, தாளில் வைத்த மாதிரித் தேர்வில் முதல் பத்துப் பேரை எழுதுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவர் எத்தனை? சீட்டுக் குலுக்கிப் போட்டாலே சராசரியாக இரண்டு மூன்று பேர் பொருந்துவார்கள். உங்களுக்கும் மூன்று என்றால் பாயிண்ட் எதையுமே அளக்கவில்லை. ஏழெட்டு வந்தால் நம்பலாம்.

இன்னொரு அறிகுறி விடை சொல்ல எடுத்த நேரம். இரண்டு வரித் தமிழ்க் கேள்வியையும் நான்கு விடைகளையும் இரண்டு நொடியில் யாராலும் படிக்க முடியாது. அப்படிப்பட்ட விடைகள் கூடிக்கொண்டே போனால் பிள்ளைகளை எச்சரிக்காதீர்கள், விதியைத் திருத்துங்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் சொன்ன ஓட்டைதான் வேறு உருவத்தில் வந்திருக்கும்.

பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்குதுங்க. இப்பவும் பாயிண்ட் வேணுமுங்களா?

வேண்டாம், அணைத்துவிடுங்கள். புதுக் கேள்விகளை நிறுத்திவிட்டு, திரும்ப வர வேண்டிய கேள்விகள் மட்டும் வரட்டும். வாரம் ஒரு முழுத் தேர்வு: 200 கேள்வி, மூன்று மணி நேரம், தாளில், வட்டத்தைப் பேனாவால் நிரப்பி. முடிந்ததும் செயலியில் காட்ட வேண்டியது இரண்டே எண்கள். தமிழில் 100-க்கு எத்தனை சரி, அது 40-ஐத் தாண்டியதா என்பது ஒன்று. பொது அறிவும் கணக்கும் சேர்ந்த மற்ற 100-க்கு எத்தனை சரி என்பது இன்னொன்று. அதற்குக் கீழே தவறிய பாடத் தலைப்புகள், தவறு அதிகமானது மேலே வரும்படி.